இரண்டு கையிலும் எடுத்த இரத்தக் கல்ச்சர்

மாரி மழை ஓய்ந்த கிழமைகளில் தென்மராட்சிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரை எங்கள் வாட்டுக்கு மாற்றி அனுப்பினார்கள். நெடுநாள் சலரோகம். நடுங்கி நடுங்கிக் காய்ச்சல், செஃப்ட்ரியாக்சோன் மருந்து போட்டும் இறங்கவில்லை. கூட வந்த அறிக்கையில், இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் போத்தல் ஒரேயொன்று, அதில் கோகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமி. இரத்தம் எடுத்தது கையில் ஏற்கெனவே போட்டிருந்த கனூலாவிலிருந்து என்று குறிப்பில் இருந்தது.

அந்தக் கிருமி எல்லாருடைய தோலிலும் குடியிருப்பது. ஒரே போத்தலில் அது வளர்ந்தால் இரத்தத்தில் இருந்ததா, தோலிலோ கனூலாவிலோ ஒட்டியிருந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அதை நம்பினால் அதற்கான வன்கோமைசின் மருந்தைத் தொடங்க வேண்டும். உண்மையான கிருமி வேறாக இருந்தால் அது மருந்துபடாமல் வளரும். அடுத்த டோஸ் போடுவதற்கு முன், இரண்டு கையிலும் புதிதாகக் குத்தி, இரண்டு செட் எடுக்கச் சொன்னார் மைக்ரோபயோலொஜி டொக்டர். ஒரு செட் என்பது காற்றில் வளரும் கிருமிக்கு ஒரு ஏரோபிக் போத்தலும், காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு ஒரு அனரோபிக் போத்தலும்.

"பிள்ளை, ஒரு கையிலயே ரெண்டுக்கும் எடுக்கேலாதே?" என்று கேட்டார் ஐயா.

"ரெண்டு கையிலயும் ஒரே கிருமி வந்தால்தான் ஐயா, அது உங்கட இரத்தத்தில இருக்கெண்டு உறுதியாச் சொல்லலாம்."

கட்டுப் போட்டு நரம்பைத் தடவி, இடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைத் தளர்த்தினேன். முழங்கை மடிப்பில் வயல் மண் படிந்திருந்ததால் முதலில் சவர்க்காரமும் தண்ணீரும். அழுக்கின் மேல் எந்த மருந்தைப் பூசினாலும் அது தோலைச் சேராது. பிறகு 70% அல்கஹோலில் கலந்த 2% குளோர்ஹெக்சிடினால் 30 செக்கன் முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்த்தேன். அதற்குப் பிறகு வருவதுதான் அதிகம் பேர் தவறவிடும் இடம்: தோல் தானாகக் காயும்வரை, குறைந்தது 30 செக்கன், கையை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊதவோ விசிறவோ கூடாது. பொவிடோன் அயடின் மட்டும்தான் இருந்தால் காத்திருப்பு ஏறத்தாழ இரண்டு நிமிடம். காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தடவினால் செய்த சுத்தம் அத்தனையும் போய்விடும். நரம்பு பிடிபடாமல் தடவியே ஆகவேண்டுமென்றால் ஸ்டெரைல் கையுறை போட வேண்டும்.

தோல் காயும் நேரத்தில் போத்தல்களைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் தெரியும் ரப்பர் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் ஸ்டெரைல் அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனி அல்கஹோல் பஞ்சால் துடைத்துக் காயவிட்டேன். அயடின் ரப்பரைக் கெடுக்கும், அதனால் இங்கே வேண்டாம். போத்தலின் வெற்றிடம் தன்பாட்டில் அளவுக்கு மேலும் இழுக்கும் என்பதால், 10 மில்லி எங்கே வரும் என்று பக்கத்தில் பேனாவால் கோடு போட்டேன்.

வலது கையில் 20 மில்லி சிரிஞ்ச் நிறைய வந்தது. சிரிஞ்சால் எடுத்தால் அனரோபிக் போத்தல் முதலில். சிரிஞ்சுக்குள் நிற்கும் காற்று அதற்குள் போகக்கூடாது. பட்டர்ஃபிளை ஊசியில் வரிசை தலைகீழ்: குழாயில் இருக்கும் காற்று முதல் போத்தலுக்குள்ளேதான் போகும், அதனால் ஏரோபிக் முதலில். இடது கையில் 8 மில்லிக்கு மேல் வரவில்லை. அதை இரண்டாகப் பிரிக்காமல் முழுவதையும் ஏரோபிக்கில் விட்டேன். பெரியவர்களின் இரத்தத்தில் பல நேரம் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இராது. 4 மில்லி வீதம் பிரித்தால் இரண்டிலுமே தவறிவிடலாம். இரத்தத்தில் அதிகம் பிடிபடும் கிருமிகளும் ஏரோபிக்கில் வளர்பவைதான்.

லேபிளில் எந்தக் கை, எத்தனை மணி என்று எழுதி, போத்தலின் பார்கோட்டை மறைக்காமல் ஒட்டி, உடனே லாப்புக்கு அனுப்பினோம். கல்ச்சர் போத்தலை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது.

மறுநாள் பின்னேரம் லாப்பிலிருந்து அழைத்தார்கள். இரண்டு கையின் ஏரோபிக் போத்தல்களிலும் கிராம் நெகட்டிவ் பசிலஸ் வகைக் கிருமி, அனரோபிக்கில் ஒன்றுமில்லை. ஸ்டஃபிலோகொக்கஸ் எதிலும் வரவில்லை. அடையாளம் கண்டபோது அது பர்க்கோல்டேரியா சூடோமல்லை, அதாவது மெலியோய்டோசிஸ் நோயைத் தருவது. சேற்றிலும் தண்ணீரிலும் வாழ்ந்து, சலரோகக்காரரைக் கடுமையாகத் தாக்கும் கிருமி. செஃப்ட்ரியாக்சோனை நம்பி இதற்கு வைத்தியம் செய்ய முடியாது. செஃப்டாசிடிமுக்கு மாற்றினார்கள். நாளத்தில் குறைந்தது இரண்டு கிழமை, அதன் பிறகு மாதக்கணக்கில் கோட்ரைமொக்சசோல் குளிசை.

கோரிக்கைத் தாளில் "வயல் வேலை, சலரோகம்" என்று எழுதியிருந்ததால், லாப்பில் அந்தப் போத்தல்களைத் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்புக் கபினெட்டுக்குள் வைத்துத் திறந்திருக்கிறார்கள். இந்தக் கிருமியை மூச்சில் இழுத்தால் லாப்பில் வேலை செய்பவருக்கும் நோய் வரலாம். அந்த இரண்டு விவரத்தை எழுதுவது வாட்டில் இருக்கும் எங்கள் வேலை.