இரவு 9.50-க்கு வந்த செய்தி

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பதினான்கு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு என்றுதான் பெயர். பில் போடுவது, லாரிக்கு ஆள் பிடிப்பது, பாக்கி கேட்பது, பாக்கி கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம்.

சென்ற வருடம் ஐப்பசி மழை நேரத்தில், மதுரையில் உள்ள ஒரு வியாபாரிக்கு 400 மூட்டை புழுங்கல் அனுப்பினோம். மூட்டை 26 கிலோ. (25 கிலோ வரை கட்டி விற்றால் ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்ததிலிருந்து பல ஆலைகள் 26-க்கு மாறிவிட்டன. ஒரு கிலோ கூடுதல் எதற்கு என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் விளக்கிச் சொல்லியே வாய் வலித்துவிட்டது.) கிலோ 48 ரூபாய் வீதம் மொத்த பில் 4,99,200. அதில் ஒன்றரை லட்சம் பாக்கி வைத்திருந்தார். ஆறு வருடப் பழக்கம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 28 மாலை லோடு ஏற்றினோம். நவம்பர் 9 இரவு 9.50-க்கு முதலாளியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “60 மூட்டை மக்கல் வாடை அடிக்கிறது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களை நம்பியதற்கு நல்ல மரியாதை. பாக்கி ஒன்றரை லட்சம் தர முடியாது. நஷ்டத்துக்கும் பதில் சொல்லுங்கள். வக்கீலிடம் பேசிவிட்டேன், இனி சட்டப்படிதான்.” கூடவே நான்கு புகைப்படங்கள்.

முதலாளி உடனே என்னைக் கூப்பிட்டார். “பார்த்தியாம்மா? பதினோரு நாள் வெச்சிருந்துட்டு இப்பச் சொல்றான். கேஸ் போடுறானாம், போடட்டும். நான் இப்பவே வாய்ஸ்ல சொல்லிடுறேன்.”

“ஐயா, வாய்ஸ் மட்டும் வேண்டாம். பத்து நிமிஷம் குடுங்க” என்றேன். கோபத்தில் பேசிய குரல் பதிவு அந்தப் பக்கத்து வக்கீலின் மேசையில் எப்படி ஒலிக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அதே சமயம் ஒன்றும் பதில் சொல்லாமல் விட்டால், ‘சொன்னேன், கண்டுகொள்ளவில்லை’ என்று அவர் சொல்ல இடம் கிடைத்துவிடும். அதனால் அன்று இரவு போனது மூன்றே வாக்கியம்: “உங்கள் செய்தியும் படங்களும் கிடைத்தன. பதிவுகளைப் பார்த்துவிட்டு நாளை மாலை 5 மணிக்குள் எழுத்தில் பதில் தருகிறோம். அதுவரை அந்த 60 மூட்டைகளை அப்படியே தனியாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. முதலாளிக்கு அது சப்பென்று இருந்தது. ஆனால் கடைசி வாக்கியம் முக்கியம். மூட்டைகள் விற்றுப்போனாலோ வேறு சாக்குக்கு மாறிவிட்டாலோ, எது எங்கள் சரக்கு, எதில் என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் இரண்டு பக்கமும் வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆலைக்குப் போய்விட்டேன். பில் நகல், எடைச்சீட்டு, லாரி ரசீது, ஈரப்பதப் பதிவேடு நான்கையும் மேசையில் பரப்பினேன். லாரி ரசீதில் ‘400 மூட்டை சரியாகப் பெற்றேன்’ என்று 29-ம் தேதி காலை அவருடைய குடோன் ஆள் கையெழுத்துப் போட்டிருந்தார். சேதம் என்று ஒரு வார்த்தை இல்லை. மனம் கொஞ்சம் லேசானது. அப்புறம் ஈரப்பதப் பதிவேட்டைத் திறந்தேன்.

எங்களுக்கும் அவருக்கும் வாய்மொழியாகவும் பில்லின் அடியிலும் இருப்பது, ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் என்ற கணக்கு. மூட்டை பிடிக்கும்போது சாக்கிலிருந்து மாதிரி எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். முதல் 280 மூட்டைக்கு 13.4, 13.6, 13.3 என்று வரிசையாக இருந்தது. மீதி 120 மூட்டைக்கு எதிரே கட்டம் காலி.

பிளாண்டில் விசாரித்தேன். அன்று மாலை கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, மழை வேறு இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது, லாரிக்காரர் அவசரப்படுத்தியிருக்கிறார். “பார்த்தேன்மா, எழுதத்தான் விட்டுப்போச்சு” என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கிக்கொண்டே, “13.5-னு இப்ப எழுதிடவாம்மா?” என்றும் கேட்டார்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும், கெட்ட எண்ணம் கிடையாது. ஆலையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அப்படியே போனில் படம் எடுத்து வைத்தேன். பிறகு யாருக்காவது கை துறுதுறுத்தாலும் காலிக் கட்டம் காலியாகவே இருந்ததற்குச் சாட்சி இருக்கட்டும் என்றுதான். வேறு மையில், வேறு நாளில் எழுதிய ஒரே ஒரு எண் வெளிப்பட்டால், உண்மையாக எழுதிய 280 மூட்டையின் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பத்து மணிக்குத் தஞ்சாவூரில் எங்களுக்குத் தெரிந்த வக்கீலுக்கு போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது சரக்கைப் பற்றி அல்ல, போனைப் பற்றி. “முதலாளி போனை மாத்தப் போறாரா?” உண்மையிலேயே தீபாவளித் தள்ளுபடியில் புது போன் வாங்கி வைத்திருந்தார்! மாற்ற வேண்டாம், செய்தி தானாக மறையும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், எதையும் அழிக்காதீர்கள் என்றார். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட அதன் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போனால் போதாது, செய்தி இருக்கும் கருவியே கையில் இருப்பது நல்லது என்று விளக்கினார்.

இன்னொன்றும் சொன்னார். ‘பாக்கி ஒன்றரை லட்சம் தர முடியாது’ என்று வியாபாரி எழுதியதைக் கண்டு நாங்கள் கொதித்துக்கொண்டிருந்தோம். “கையெழுத்தோட ஒரு காகிதத்துல இப்படி எழுதியிருந்தா, தரமாட்டேன்னு சேர்த்துச் சொன்னாலும், பாக்கி இருக்குங்கறதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்க, கேஸ் போடக் காலக்கெடு சொல்ற லிமிடேஷன் சட்டத்துல இடம் இருக்கு. வாட்ஸ்அப்ல வந்ததை எப்படி எடுத்துக்குவாங்கங்கறது வேற வாதம். எதுக்கும் பத்திரமா வையுங்க. அதேபோல நீங்களும் எதையாவது ஒத்துக்கிட்டு எழுதிடாதீங்க” என்றார்.

மதியம் பதிலை எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு முக்கால் பக்கம் வந்தது. அதில் ‘உங்கள் குடோனில் மழைநீர் ஒழுகியிருக்கலாம்’ என்று ஒரு வரி. எனக்கு எப்படித் தெரியும்? அவருடைய குடோனை நான் பார்த்ததே இல்லை. அடித்தேன். ‘ஆறு வருடமாக எங்கள்மேல் ஒரு புகாரும் இல்லை’ என்று இன்னொரு வரி. இரண்டு வருடம் முன்பு எடை குறைந்ததாக ஒரு சின்னப் பேச்சு வந்தது ஞாபகம் வந்தது. அதையும் அடித்தேன். சரக்கை வாங்கி நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. முதலாளிக்கு அதைப் போட்டே ஆக வேண்டும். வக்கீல் வேண்டாம் என்றார். பதினோரு நாள் நியாயமான காலமா இல்லையா என்பது வழக்கில் பேச வேண்டியது. பிரிவு எண்ணோடு நாம் எழுதினால் அவரும் வக்கீலை வைத்து எழுதத்தான் பார்ப்பார். தேதிகளை மட்டும் சொன்னால் பதினோரு நாள் தானாகத் தெரியும்.

120 மூட்டை விஷயத்தில்தான் அதிக நேரம் போனது. ‘400 மூட்டையும் சோதித்து அனுப்பினோம்’ என்று எழுதச் சொன்னார் முதலாளி. மேஸ்திரி பார்த்தேன் என்கிறாரே என்றார். பதிவு இல்லையே ஐயா என்றேன். வக்கீலிடம் கேட்டபோது, காட்ட முடிந்ததை மட்டும் எழுதுங்கள், இல்லாததைத் தண்டோரா போடவும் வேண்டாம் என்றார். எனவே 280 என்றே எழுதினேன். கழித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு 120 புரியும். அவர் கேட்டால் மறைப்பதில்லை என்று முதலாளியிடம் முன்பே சொல்லி வைத்தேன்.

மாலை 4.20-க்குப் போன பதில் இதுதான்:

“அன்புடையீர், உங்கள் 9-ம் தேதிச் செய்தி தொடர்பாக. அக்டோபர் 28 மாலை 400 மூட்டை ஏற்றப்பட்டது. இதில் 280 மூட்டைக்கு எடுத்த மாதிரிகளில் ஈரப்பதம் 13.3 முதல் 13.6 சதவீதம் வரை இருந்ததாக எங்கள் பதிவேட்டில் உள்ளது. 29-ம் தேதி காலை 400 மூட்டையும் உங்கள் குடோனில் இறங்கியதற்கான லாரி ரசீது நகல் இத்துடன் உள்ளது. குறை பற்றி எங்களுக்கு முதலில் தெரிந்தது 9-ம் தேதி இரவு. காரணம் என்ன என்று சரக்கைப் பார்க்காமல் எங்களால் சொல்ல முடியாது. 12 அல்லது 13-ம் தேதி எங்கள் ஆள் மீட்டருடன் வந்து, உங்கள் முன்னிலையில் 60 மூட்டையையும் பார்க்கத் தயாராக இருக்கிறோம். எது வசதி என்று சொல்லவும். பார்த்த மூன்று நாளில் எங்கள் முடிவை எழுத்தில் தெரிவிப்போம். உங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் நேர்ந்தது எங்களுக்கு வருத்தமே.”

கடைசி வரியை ‘எங்கள் தவறுக்கு வருந்துகிறோம்’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், பழக்கதோஷம். தவறு யாருடையது என்று தெரியாதபோது அதை எழுதுவது பொய்யும்கூட. வக்கீல், சட்டம் என்ற பேச்சுக்குப் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. உண்மையில் நோட்டீஸ் வந்தால் அதை வக்கீலிடம் கொடுத்துவிட்டு நாங்கள் தனியாக எதுவும் அனுப்பக் கூடாது என்று மட்டும் பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டு மணி நேரம் நீல டிக்கோடு நின்றது. பிறகு, “மீதி 120?” என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். “அந்த 120-க்குப் பதிவு எழுதப்படவில்லை. சரக்கைப் பார்க்கும்போது அவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்” என்று அனுப்பினேன். அரை மணி கழித்து வந்தது: “12 வாங்க.”

மேஸ்திரியோடு நானும் போனேன். 38 மூட்டையில் அடிப்பக்கம் மட்டும் நீர்க்கறை, சாக்கு கெட்டித்துப் போயிருந்தது, மேல்பக்க அரிசி 13.5-தான். லாரித் தளத்தில் நின்ற தண்ணீரில் ஊறியது போன்ற கறை. மற்ற 22 மூட்டையில் கறையே இல்லை, ஆனால் நடுவிலிருந்து எடுத்த அரிசி 15.4, 15.6 என்று காட்டியது. லாட் சீட்டைப் பார்த்தோம். எல்லாம் அந்தக் காலிக் கட்டத்தைச் சேர்ந்தவை. மேஸ்திரி குனிந்த தலை நிமிரவில்லை. பார்த்ததை அங்கேயே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

22 மூட்டைக்கு 27,456 ரூபாய் முழுவதும் எங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட் போட்டோம். 38 மூட்டையின் 47,424-ஐ ஆளுக்குப் பாதி என்று பேசி முடிந்தது. லாரிக்காரரிடமிருந்து எங்கள் பாதியை வசூலிக்க முதலாளி இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. பாக்கியில் மீதி 98,832 டிசம்பரில் வந்து சேர்ந்தது. நோட்டீஸ் வரவில்லை.

அவர் இப்போதும் எங்களிடம் வாங்குகிறார், ஆனால் ஒரு தடவைக்கு 200 மூட்டைக்கு மேல் கேட்பதில்லை. லாரி கிளம்பும் முன் ஈரப்பதப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார், அனுப்புகிறோம். முன்பெல்லாம் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு முதலாளிக்கு வந்துகொண்டிருந்த வணக்கம் மட்டும் நின்றுபோய்விட்டது.