ஐநூற்று ஒரு ரூபாய் குறைந்த நாள்

எங்கள் ஊர் அன்னதான அறக்கட்டளைக்கு நான் பொருளாளரானபோது, யாரும் பணத்தை எடுத்துவிட்டதாகப் புகார் இல்லை. ஆனால் ரசீதுக் கூட்டலும் வங்கியில் கட்டிய தொகையும் எந்த மாதமும் ஒத்துப்போனதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வந்த நன்கொடையிலிருந்தே காய்கறிக்காரருக்கும் சிலிண்டருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் வங்கியில் கட்டினார்கள்.

அதை முதலில் நிறுத்தினேன். வரும் ரொக்கம் முழுவதும் மறு வேலைநாள் வங்கிக்குப் போக வேண்டும். சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாயைக் காசோலை போட்டுத் தனியே எடுத்து வைத்தோம். பில்களைக் காட்டினால்தான் அது மறுபடி நிரப்பப்படும். "அப்போ எங்க மேல சந்தேகமாண்ணே?" என்று மேசையில் ரசீது எழுதும் தம்பி முகம் வாடினான். நாளைக்கு ஏதாவது குறைந்தால் உன் பெயர் அடிபடக்கூடாது என்பதற்காகத்தான் என்றேன். அரைமனதாகத் தலையாட்டினான்.

ரசீது எழுதுபவர் ஒருவர். மாலையில் எண்ணுபவர்கள் வேறு இருவர். எண்ணியதும் எந்த நோட்டு எத்தனை என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பிழையான ரசீதைக் கிழித்துப் போடாமல், இரண்டு பிரதியிலும் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே பின் அடித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் வாரமே சோதனை வந்தது. 412 முதல் 431 வரை ரசீது, அதில் 419 ரத்து. ரொக்கம் என்று எழுதியவற்றின் கூட்டல் 18,752. எண்ணினால் 18,251. ஐநூறு குறைந்திருந்தால் ஒரு நோட்டு விழுந்துவிட்டது என்று நினைத்திருப்போம். 501 குறைந்ததால், இது நோட்டு அல்ல, ஒரு முழு ரசீது என்று புரிந்தது. மொய்யோடு வைக்கும் அந்த ஒரு ரூபாய்தான் துப்புக் கொடுத்தது. அன்று 501-க்கு மூன்று ரசீதுகள். வங்கிக் கணக்கைப் பார்த்தால், அன்று மதியம் யுபிஐயில் 501 வந்திருந்தது. அது 426-ஆம் ரசீது. பழக்க தோஷத்தில் தம்பி 'ரொக்கம்' என்று எழுதிவிட்டான்.

மறுநாளே யுபிஐக்கு வேறு நிறத்தில் தனி ரசீதுப் புத்தகம் வாங்கினோம். வங்கிச் சலானின் எங்கள் பிரதியில் ரசீது எண்கள் எதிலிருந்து எதுவரை என்று குறிக்கிறோம். மாதக் கடைசியில், ரசீதும் எழுதாத, பணமும் எண்ணாத ஓர் அறங்காவலர் வங்கிக் கணக்கோடு டிக் அடித்துப் பார்க்கிறார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் மேசையிலேயே சொல்லிவிடுகிறோம். பலர் காசோலைக்கு மாறிவிட்டார்கள்.

இத்தனை செய்தும் ஓர் ஓட்டை உண்டு. ரசீதே எழுதாமல் வாங்கிய பணம் இந்த எந்தக் கணக்கிலும் சிக்காது. கொடுப்பவர் கேட்டால்தான் உண்டு. அதனால் மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டினோம்: "பத்து ரூபாயானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்."