ரிப்போர்ட்டட் ஸ்பீச்: நிஜப் பேட்டியிலிருந்து பழகுங்கள்

ஒருவர் சொன்னதை நம் வாக்கியமாக மாற்றிச் சொல்லும் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்துவது பயிற்சிப் புத்தக வாக்கியங்களை வைத்து அல்ல, நிஜப் பேட்டிகளை வைத்துத்தான். 1977-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் எடுத்த பேட்டியில், பதவி விலகியிருந்த அமெரிக்க அதிபர் நிக்சன் சொன்ன வரி இது: "வெல், வென் தி பிரசிடென்ட் டஸ் இட், தட் மீன்ஸ் தட் இட் இஸ் நாட் இல்லீகல்."

முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்வேன். டஸ், மீன்ஸ், இஸ் மூன்றும் நிகழ்காலம். 'நிக்சன் செட் தட்' என்று தொடங்கினால் மூன்றும் ஒரு படி பின்னே போகும்: "நிக்சன் செட் தட் வென் தி பிரசிடென்ட் டிட் இட், தட் மென்ட் தட் இட் வாஸ் நாட் இல்லீகல்." பேச்சுக்கு வரும் 'வெல்' விழுந்துவிடும். பலர் முதல் வினையை மாற்றிவிட்டு 'மீன்ஸ்', 'இஸ்' இரண்டையும் அப்படியே விடுவார்கள். 'வருவேன் என்றான்' என்று தமிழில் காலத்தைத் தொடாமலே சொல்லிப் பழகிய நமக்கு அது உறுத்தாது. எழுதி முடித்ததும் கோடிட்ட வினைகளை எண்ணிப் பாருங்கள். மூன்று கோடு என்றால் மூன்று மாற்றம் இருக்க வேண்டும்.

ஆங்கிலப் பத்திரிகையில் இதே வரி 'டஸ்', 'இஸ்' என்றே நிற்பதையும் பார்ப்பீர்கள். எப்போதும் பொருந்தும் விதியாக ஒருவர் சொன்னதை நிகழ்காலத்திலேயே விடலாம். 'டிட்' என்று போட்டால் நடந்து முடிந்த ஒரு செயலைச் சொன்னதாகக்கூடத் தோன்றும். ஆனாலும் இது நிக்சனின் வாதம்தான், அறிவியல் உண்மை போல எல்லோரும் ஒப்புக்கொண்டது அல்ல. அதனால் தேர்வில் காலத்தை மாற்றி எழுதுவதே பத்திரம்.

அதே பேட்டியில் இன்னொரு வரி: "ஐ லெட் டவுன் தி கன்ட்ரி." நல்ல மாணவர்களும் சறுக்கும் இடம் இது. 'லெட்' நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே வடிவம். முதல் வரியில் செய்தது போல ஒரு படி பின்னே போனதாக நினைத்து 'ஹி லெட் டவுன்' என்றே விட்டுவிடுவார்கள். நிக்சன் பேசுவது தன் பதவிக்காலத்தில் நடந்ததைப் பற்றி. ஆகவே அது முதலிலேயே இறந்தகாலம். விடை: "ஹி செட் தட் ஹி ஹேட் லெட் டவுன் தி கன்ட்ரி." புட், கட், ஹர்ட் வரும்போதும் வடிவத்தைப் பார்க்காதீர்கள், எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

மாறாத வினைக்கு, 1995-இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் இளவரசி டயானா சொன்னதை எடுப்பேன். 'ஐட் லைக் டு பி' என்று தொடங்கி, தான் மக்களின் இதயங்களுக்கு அரசியாக விரும்புவதாகச் சொன்னார். 'ஐட்' என்பதில் ஒளிந்திருப்பது 'வுட்'. அது மாறாது, 'ஷி வுட் லைக்' என்று நிற்கும். அடுத்து வரும் 'ஐ டோன்ட் சீ மைசெல்ஃப் பீயிங் குயின் ஆஃப் திஸ் கன்ட்ரி' என்பதில் 'ஐ டோன்ட் சீ மைசெல்ஃப்' மட்டும் 'ஷி டிடின்ட் சீ ஹெர்செல்ஃப்' ஆகும். அவர் 'திஸ் கன்ட்ரி' என்றது பிரிட்டனை. இங்கிருந்து எழுதும் நமக்கு அது 'தட் கன்ட்ரி'.