ஜெர்மனியின் வாய்ப்பு 63 சதவீதமா, 61 சதவீதமா?

2022 கால்பந்து உலகக் கோப்பையின் ‘இ’ குழுவில், ஸ்பெயின்–ஜப்பான், ஜெர்மனி–கோஸ்டாரிகா என்ற கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முன் ஜெர்மனி அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பு எவ்வளவு இருந்தது என்பதைக் கணிக்க ஒரு சிறிய பைதான் நிரல் எழுதினேன். அப்போது ஸ்பெயின் 4 புள்ளிகளும் +7 கோல் வித்தியாசமும், ஜப்பான் 3 புள்ளிகளும் 0 வித்தியாசமும், கோஸ்டாரிகா 3 புள்ளிகளும் -6 வித்தியாசமும், ஜெர்மனி 1 புள்ளியும் -1 வித்தியாசமும் வைத்திருந்தன.

ஸ்பெயினுக்கு 1.8, ஜப்பானுக்கு 0.9, ஜெர்மனிக்கு 2.4, கோஸ்டாரிகாவுக்கு 0.6 என்று சராசரி கோல்களை நானே மதிப்பிட்டுக்கொண்டு, பாய்சான் பரவலிலிருந்து கோல்களை எடுத்து, இரு ஆட்டங்களையும் ஒரு லட்சம் முறை ஓட்டினேன். ஜெர்மனிக்கு ஏறத்தாழ 63 சதவீதம் கிடைத்தது. அணிகளின் பட்டியலைத் தலைகீழாக மாற்றி மறுபடி ஓட்டியபோது அது 61 ஆகக் குறைந்தது. ஒரு லட்சம் ஓட்டங்களில் தற்செயலான ஏற்ற இறக்கம் 0.3 சதவீத அளவில்தான் இருக்கும் என்பதால், பிழை நிரலில்தான் இருக்க வேண்டும் என்று புரிந்தது.

```python
table = sorted(teams, reverse=True,
    key=lambda t: (pts[t], gd[t], gf[t]))
```

புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல்கள் ஆகிய மூன்றும் சமமானால், `sorted` அணிகளைப் பட்டியலில் இருந்த வரிசையிலேயே விட்டுவிடும். அகரவரிசையில் Germany, Japan-க்கு முன்னால் நின்றது. உதாரணமாக, ஜெர்மனி 1-0 என வென்று, ஸ்பெயின்–ஜப்பான் ஆட்டம் 1-1 என முடிந்தால், ஜெர்மனியும் ஜப்பானும் 4 புள்ளிகள், 0 வித்தியாசம், 3 கோல்கள் என முற்றிலும் சமமாகிவிடும். அடுத்த விதியான நேருக்கு நேர் முடிவில், முதல் ஆட்டத்தை 2-1 என வென்றிருந்த ஜப்பானே முன்னேற வேண்டும். என் நிரலோ அந்த இடத்தை ஜெர்மனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நேருக்கு நேர் முடிவைச் சேர்த்த பிறகு, பட்டியலை எப்படி மாற்றினாலும் 61 சதவீதமே வருகிறது.

பிறகு யூரோ 2024-இல் இருந்ததுபோல், கோல் வித்தியாசத்துக்கு முன்பே நேருக்கு நேர் முடிவைப் பார்க்கும்படி வரிசையை மாற்றினேன். ஜெர்மனியின் வாய்ப்பு 46 சதவீதமாகச் சரிந்தது. ஸ்பெயினும் ஜப்பானும் சமன் செய்தால், ஜெர்மனி எத்தனை கோல் அடித்து வென்றாலும் ஜப்பானைத் தாண்ட முடியாது என்பதே காரணம். விதிகளின் வரிசை மட்டுமே 15 சதவீதப் புள்ளிகளை மாற்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த மாதிரியின் பெரிய குறை, இரு ஆட்டங்களையும் ஒன்றையொன்று அறியாதவையாக எடுத்துக்கொள்வதுதான். உண்மையில் அவை ஒரே நேரத்தில் நடந்தன. 70-ஆவது நிமிடத்தில் கோஸ்டாரிகா 2-1 என முன்னிலை பெற்றபோது, ஜப்பானிடம் பின்தங்கியிருந்த ஸ்பெயினும் ஜெர்மனியோடு சேர்ந்து வெளியேறும் நிலையில் இருந்தது. மூன்று நிமிடங்களில் ஜெர்மனி சமன் செய்து அந்த நிலையை மாற்றியது. அடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் ஓட்டி, மற்ற ஆட்டத்தின் நிலவரத்தைப் பொறுத்து சராசரி கோல்கள் மாறும்படி எழுத முயல்கிறேன்.