அக்காவின் பயற்றம் உருண்டையும் வாட்ஸ்அப் அட்டையும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் என் அக்கா பலகாரம் செய்து விற்கிறார். பயற்றம் உருண்டை, சீனி அரியதரம், முறுக்கு, பனங்காய்க் காலத்தில் பணியாரம். வாசலுக்கு வந்து வாங்குபவர்கள் குறைவு. ஓடர்களில் பெரும்பகுதி வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் கொழும்பில் இருக்கும் தாய்க்கு ஒரு பெட்டி கொடுக்கச் சொல்வார். அந்தத் தாய் தன் குடும்பக் குழுவில் இணைப்பைப் போடுவார். வியாபாரம் இப்படிக் கைமாறிக் கைமாறி நடப்பதால், இணைப்பு எந்தத் தோற்றத்தில் போய்ச் சேர்கிறது என்பது எங்களுக்குக் கடையின் பெயர்ப்பலகை போன்றது.

புதிய இணையதளம் தயாரானதும் அக்கா முதல் வேலையாகப் பயற்றம் உருண்டைப் பக்கத்தின் இணைப்பைச் சித்திக்கு அனுப்பினார். படம் இல்லை. சாம்பல் நிறப் பெட்டியில் "Home" என்ற ஒரே சொல், கீழே தள முகவரி. அரியதரப் பக்கத்தை அனுப்பினாலும் அதே "Home". சித்தி உடனே தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை, உன் நம்பரிலிருந்து ஏதோ கள்ள இணைப்பு வந்திருக்கிறது, நான் தொடவில்லை" என்றார். அவர் மீது தவறில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மோசடிச் செய்திகளும் இதே முகத்தோடுதான் வருகின்றன. அன்று மாலையே இதைச் சரிசெய்வதென்று நான் உட்கார்ந்தேன்.

இணைப்போடு சேர்ந்து தோன்றும் இந்த முன்னோட்ட அட்டைக்கு வேண்டிய தலைப்பும் படமும் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதப்படும் சில வரிகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. 2010இல் பேஸ்புக் வெளியிட்ட ஓபன் கிராஃப் என்ற முறை அது. இன்று வாட்ஸ்அப், டெலிகிராம் உட்பட பெரும்பாலான செயலிகள் அதையே படிக்கின்றன. எங்கள் பக்கத்துக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்:

```html
<meta property="og:title" content="பயற்றம் உருண்டை, 1 கிலோ பெட்டி">
<meta property="og:description" content="வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை. கொழும்புக்குள் வீட்டுக்கே வரும்.">
<meta property="og:url" content="https://example.com/payattam">
<meta property="og:image" content="https://example.com/img/payattam-1.jpg">
<meta property="og:image:width" content="1200">
<meta property="og:image:height" content="630">
```

இந்த முகவரி எடுத்துக்காட்டுக்காக இட்டது. உங்கள் தள முகவரியை https:// என்று தொடங்கி முழுமையாக எழுத வேண்டும். `/img/payattam-1.jpg` என்று அரைகுறையாக எழுதினால், படத்தைத் தேடிவரும் செயலிக்கு அது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தெரியாமல் போகலாம்.

தளத்தைச் செய்து தந்த தம்பியைக் கேட்டேன். "அதெல்லாம் போட்டிருக்கிறேன் அக்கா, Inspect பண்ணிப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். ஆறு வரிகளும் சரியாக இருந்தன. அப்படியென்றால் அட்டையில் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியில் ஓர் இரவு முழுவதும் போனது.

மறுநாள் View page source என்பதைத் திறந்தபோதுதான் விடை கிடைத்தது. அங்கே அந்த வரிகளில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். Inspect காட்டுவது, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்தபின் உலாவியில் உள்ள பக்கத்தை. View page source காட்டுவது, சர்வர் முதலில் அனுப்பிய வெறும் எழுத்தை. எங்கள் தளத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே வெற்றுக்கூட்டைத்தான் சர்வர் அனுப்பியது. பலகாரத்தின் பெயரும் படமும் அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக நிரம்பின. முன்னோட்டம் எடுக்கும் வாட்ஸ்அப் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. முதலில் வந்த எழுத்தைப் படித்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கூட்டில் இருந்த ஒரே தலைப்பு "Home". உங்கள் தளத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அட்டை வருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

விளங்கப்படுத்தியதும் தம்பி இரண்டு மாலைகளில் வேலையை முடித்துவிட்டார். எங்களிடம் இருந்தவை 14 பலகாரங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்த வரிகள் எழுதப்பட்ட தனித்தனிப் பக்கத்தை முன்கூட்டியே உருவாக்கி சர்வரில் வைத்தார். விலையும் இருப்பும் முன்போலவே ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வந்து சேரும்.

இப்போது தலைப்பு சரியாக வந்தது. படம் மட்டும் வரவில்லை. காரணம் அதன் எடை. அக்காவின் மகன் எடுத்த அழகான படம், 2.4 எம்பி பிஎன்ஜி கோப்பாக அப்படியே ஏற்றப்பட்டிருந்தது. 600 கேபிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் அறிவுறுத்தல். நான் 300க்குள் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன், ஏனென்றால் பஸ்ஸில் இருந்து மெதுவான இணைப்பில் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். 1200க்கு 630 புள்ளி அளவில் ஜேபெக்காகச் சேமித்ததும் கோப்பு 140 கேபிக்கு வந்தது. கைபேசித் திரையில் தரம் குறைந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த 1200க்கு 630 எல்லா இடத்திலும் முழுமையாகத் தெரிவதில்லை. சில நேரம் அகலமான பெரிய படமாக வருகிறது, சில நேரம் தலைப்புக்குப் பக்கத்தில் சிறிய சதுரமாக வருகிறது. சதுரமாக வரும்போது இருபுறமும் வெட்டப்படும். அக்கா படத்தின் இடது ஓரத்தில் கடைப் பெயரை எழுதச் சொல்லியிருந்தார். வெட்டியபின் அந்தப் பெயரின் பாதியைத்தான் காண முடிந்தது. கணக்கு எளிது. நடுவில் 630க்கு 630 சதுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இருபுறமும் 285 புள்ளிகள் போகக்கூடியவை. அங்கே வாழையிலையும் பித்தளைத் தட்டின் விளிம்பும் இருக்கட்டும். உருண்டைகள் நடுச்சதுரத்துக்குள் வர வேண்டும். கடைப் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டோம். சிறு சதுரத்தில் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் கலங்கிப்போகின்றன. பெயரைச் சொல்லத் தலைப்பு வரி இருக்கிறது. அந்தத் தலைப்பிலும் பலகாரத்தின் பெயரே முதலில் வர வேண்டும், ஏனென்றால் நீண்ட தலைப்பின் வால் துண்டிக்கப்படும்.

எல்லாம் முடிந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தன் கைபேசியிலிருந்து அனுப்பினார். மறுபடியும் "Home". என் கைபேசியில் அதே இணைப்பை ஒட்டினால் உருண்டைகளின் படம் வருகிறது.

எனக்கு இந்த விஷயம் முழுவதும் விளங்கியது அப்போதுதான். வாட்ஸ்அப்பில் அட்டையைத் தயாரிப்பது அனுப்புபவரின் கைபேசி. செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டுப் போவதால் நடுவில் உள்ள சர்வருக்கு இணைப்பு தெரியாது. நீங்கள் இணைப்பை ஒட்டியதும் உங்கள் கைபேசியே தளத்துக்குப் போய்த் தலைப்பையும் படத்தையும் எடுத்து, செய்தியோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறது. பெறுபவரின் கைபேசி தளத்தைத் தொடுவதே இல்லை. அக்காவின் கைபேசி முன்பு எடுத்துவைத்த பழைய அட்டையையே மீண்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தை அதற்குமுன் அனுப்பியதில்லை என்பதால் எனக்குப் புதியது வந்தது.

பேஸ்புக்கின் Sharing Debugger பக்கத்தில் முகவரியைக் கொடுத்து Scrape Again அழுத்துமாறு பலரும் சொல்வார்கள். வரிகள் சரியா என்று சோதிக்க அது நல்ல கருவி. ஆனால் அது புதுப்பிப்பது பேஸ்புக்கின் நினைவை. அக்காவின் கைபேசிக்குள் இருப்பதை அது தொடாது. டெலிகிராமில் அட்டையை அதன் சர்வர் எடுப்பதால் @WebpageBot என்ற கணக்குக்கு இணைப்பை அனுப்பிப் புதுப்பிக்கலாம். வாட்ஸ்அப்பில் எங்களுக்குப் பலித்தது, இணைப்பின் முடிவில் `?v=2` சேர்த்தது. பக்கம் அதேதான், ஆனால் கைபேசிக்கு அது பார்த்திராத முகவரி, அதனால் புதிதாகப் போய் எடுக்கிறது. படத்தை மாற்றும்போது கோப்பின் பெயரையும் `payattam-2.jpg` என்று மாற்றிவிடுகிறோம்.

இன்னொன்றும் இதே காரணத்தால் நடந்தது. அக்கா இணைப்பை ஒட்டியவுடன் அனுப்பும் பொத்தானை அழுத்திவிடுவார். கைபேசிக்குத் தளத்துக்குப் போய்வர அவகாசமே இல்லை, இணைப்பு மொட்டையாகப் போய்விடும். இப்போது எழுதும் பெட்டிக்கு மேலே படம் தோன்றும்வரை காத்திருந்து அனுப்புகிறார். வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் தனக்குத்தானே ஒருமுறை அனுப்பிப் பார்க்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார்.

விலை விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. தலைப்பிலேயே விலை இருந்தால் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்பது அக்காவின் நியாயம். அது நல்ல நியாயம்தான். ஆனால் அனுப்பப்பட்ட அட்டை செய்தியின் பகுதியாகிவிடுகிறது. தளத்தில் நாங்கள் எதை மாற்றினாலும் அது மாறாது. ஒருவர் அதை இன்னொருவருக்கு முன்னனுப்பினால் பழைய அட்டையே போகிறது. இரண்டு கிழமைகள் மட்டும் ஒரு பலகாரத்துக்கு விலையோடு போட்டுப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டோம், அரியதரத்துக்குப் போட்டோம். சீனி விலை ஏறியதும் நாங்களும் ஏற்றினோம், தளத்தில் மாற்றினோம், தலைப்பிலிருந்து விலையை எடுத்தோம்.

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். லண்டனில் இருக்கும் மருமகள் முன்னனுப்பிய அட்டையில் பழைய விலை இருக்கிறது, அந்த விலைக்கே மூன்று பெட்டி வேண்டும் என்றார். அக்கா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "சரி அம்மா, உங்களுக்கு அந்த விலைக்கே தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, புதிய இணைப்பை ஒட்டி, படம் தோன்றும்வரை காத்திருந்து, அவருக்கு அனுப்பினார்.