எதிரில் இருந்த கோடு

ஒரு மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்யும் மாணவன் அனுப்பியது. லேப் நோட்டின் ஒரு பக்கம், மூலையில் கை நிழல். கீழே ஒரே வரி: "அக்கா, இதை பிளாட் பண்ணிக் கொடுங்க."

போர்வெல் தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று பார்க்கும் வேலை அது. பினான்த்ரோலின் சேர்த்தால் இரும்பு ஆரஞ்சு சிவப்பாக நிறம் காட்டும். அந்த நிறம் 510 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். அளவு தெரிந்த கரைசல்களை முதலில் அளந்து ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டால், சாம்பிளின் அளவை அந்தக் கோட்டிலிருந்து படிக்கலாம்.

படத்தைப் பெரிதாக்கி, இருந்ததை இருந்தபடியே தட்டச்சு செய்தேன்:

```
Fe    Abs
0     0.003
25    0.101
50    0.198
100   0.401
3     0.795
4     -
5     0.992
```

முதல் பத்தியில் அலகு இல்லை. 100 வரை ஏறிய எண் திடீரென்று 3 ஆகிறது, ஆனால் உறிஞ்சல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் குடுவைகள் 50 மில்லி. 25 மைக்ரோகிராம் இரும்பை 50 மில்லியில் கரைத்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். அப்படியானால் 25, 50, 100 என்பவை 0.5, 1, 2 ஆகின்றன. அடுத்து 3, 4, 5 ஒழுங்காகத் தொடர்கிறது. பாதி வழியில் பையன் மைக்ரோகிராமை விட்டு மில்லிகிராமுக்கு மாறியிருக்கிறான்.

யூகம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. இந்த இரும்புச் சேர்மத்தின் மோலார் உறிஞ்சல் சுமார் 11,100. ஒரு செ.மீ. குவெட்டில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு ஏறக்குறைய 0.199 காட்ட வேண்டும். நோட்டில் 50-க்கு எதிரே 0.198. அலகு விஷயம் தீர்ந்தது.

அப்புறம் அந்தக் கோடு. 4-க்கு எதிரே வெறும் "-". எக்செலில் அதை அப்படியே விட்டால், அது எழுத்து என்று எடுத்துக்கொண்டு வரைபடத்தில் பூஜ்யத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும். அளக்காதது ஒன்று, அளந்து பூஜ்யம் வந்தது வேறொன்று. செல்லைக் காலியாக்கினேன்.

இப்போது 3 மட்டும் உறுத்தியது. மற்ற புள்ளிகளின் கோட்டில் 3-க்கு 0.596 வர வேண்டும். நோட்டில் இருப்பது 0.795. அதையும் சேர்த்துக் கோடு போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் R² 0.96 வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் சாம்பிளின் உறிஞ்சல் 0.520. அந்தக் கோட்டில் அது 2.4 மில்லிகிராம், 3-ஐ விட்டுவிட்டுப் போட்ட கோட்டில் 2.6. ஒரு புள்ளி மொத்த முடிவையே நகர்த்தியது.

அந்த 0.795-ஐ மறுபடி பார்த்தபோதுதான் பொறி தட்டியது. 4-க்கு வர வேண்டிய எண் அதேதான். ஒரு வரி மேலே எழுதிவிட்டான் என்றால், விலகிய புள்ளியும் விடுபட்ட புள்ளியும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். எண்ணைக் கீழே இறக்கினால் கோடு கச்சிதமாக அமைந்துவிடும். கை பரபரத்தது. ஆனால் இறக்கவில்லை. நான் எதிர்பார்க்கும் கோட்டை வைத்தே எண்ணைத் திருத்திவிட்டு, அந்தக் கோடு சரி என்று அதே எண்ணைச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. குடுவையைப் பார்த்தவன் அவன்தான்.

போன் போட்டேன். "தம்பி, 3-க்கு எதிரே எழுதியிருக்கிறது எந்தக் குடுவை?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "3 போடும்போது சார் கூப்பிட்டாருக்கா. திரும்பி வந்து அடுத்ததை வச்சேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறது வேண்டாம். குடுவை இருக்கா?"

"மேசையிலதான் இருக்கு. கழுவலை."

இந்த நிறம் சீக்கிரம் வெளுக்காது. அதனால் மறுநாள் காலை இரும்பு சேர்க்காத ப்ளாங்க்கை வைத்து மறுபடி பூஜ்யம் செய்து, இரண்டையும் அளக்கச் சொன்னேன். 3-க்கு 0.598, 4-க்கு 0.795.

வரைபடத்தில் ஏழு புள்ளிகளையும் வைத்தேன். அந்த இரண்டு மட்டும் உள்ளே காலியான வட்டங்கள், கீழே "மறுநாள் அளந்தவை" என்ற குறிப்பு. சாய்வு 0.198, சாம்பிள் 2.6 மில்லிகிராம். நோட்டில் பழைய 0.795-ஐ அழிக்க வேண்டாம், ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுது என்று சொன்னேன். மாலையில் திருத்திய பக்கத்தின் படம் வந்தது. முதல் பத்தியின் தலைப்பில் Fe-க்குப் பக்கத்தில் mg/L என்று எழுதியிருந்தான்.