4K-யில் எடுத்த அரங்கேற்றம் யூடியூபில் ஏன் முதலில் மங்கலாகத் தெரிந்தது

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றங்களை ஒளிப்பதிவு செய்து யூடியூபில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. பிள்ளையின் சொந்தக்காரரில் பாதிப்பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தக் காணொளிதான் மண்டபம். வீடியோ ஏறி முடிந்த நேரமும் அது முழுத் தெளிவோடு பார்க்கக் கிடைக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. அண்மையில் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் எடுத்த ஒரு வர்ணத்தை வைத்து அதைச் சொல்கிறேன்.

வர்ணம் 35 நிமிடம். 4K, விநாடிக்கு 25 சட்டகம். 4K-க்கு யூடியூப் பரிந்துரைக்கும் அளவுக்குள், விநாடிக்கு 45 மெகாபிட் வைத்து எக்ஸ்போர்ட் செய்தேன். கோப்பு ஏறக்குறைய 12 ஜிபி. என் வீட்டு இணைப்பில் அப்லோட் வேகம் 20 மெகாபிட் அளவில் நிற்கும், அந்தக் கணக்குக்கு ஏற்ற மட்டும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினேன், மூன்றரைக்குள் ஏறி முடிந்தது. வீடியோவை, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய Unlisted-இல் வைத்திருந்தேன். எல்லாருக்கும் திறந்துவிடுவது இரவு ஏழரைக்கு என்று பிள்ளையின் தாயாரோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். கோடைகாலத்தில் அப்போது ரொறொன்ரோவில் காலை பத்து மணி.

ஆனால் தாயாருக்குப் பொறுக்கவில்லை. லிங்கை வாங்கிய கையோடு குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் ரொறொன்ரோவிலிருந்து பிள்ளையின் பெரியம்மாவே எனக்கு அழைத்தார். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம். "தம்பி, பெரிய ரீவியில போட்டுப் பாக்கிறன், பிள்ளையின்ர கண்ணே தெரியேல்ல. கமராவில ஏதும் பிழையோ?"

கமராவில் பிழை இல்லை. யூடியூப் நாம் கொடுக்கும் கோப்பை அப்படியே யாருக்கும் காட்டுவதில்லை. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல அளவுகளில் புதிதாகச் சுருக்கி எழுதுகிறது. முதலில் சிறிய அளவு: 360p. அது சீக்கிரம் முடியும், எந்தப் பழைய ஃபோனிலும் ஓடும். அது முடிந்ததுமே வீடியோ பார்க்கக் கிடைத்துவிடுகிறது. பிறகு 720p, 1080p. கடைசியில்தான் 1440p-யும், 4K எனப்படும் 2160p-யும். இந்தக் கடைசி இரண்டுக்கும் பழைய H.264 முறையை யூடியூப் பயன்படுத்துவதில்லை, VP9 அல்லது AV1 முறையில்தான் எழுதுகிறது. அவை அதே தெளிவைக் குறைந்த டேட்டாவில் தரும், ஆனால் எழுதக் கணினிக்கு வேலை மிக அதிகம். எழுத வேண்டிய புள்ளிகளும் அதிகம்: 360p சட்டகத்தில் இருப்பதைப் போல் 36 மடங்கு புள்ளிகள் ஒரு 4K சட்டகத்தில் இருக்கின்றன. பெரியம்மா தன் பெரிய ரீவியில் பார்த்தது அந்த 36-இல் ஒரு பங்கை இழுத்துப் பெரிதாக்கிய படம். நாட்டியத்தில் இது மற்ற வீடியோக்களைவிட மோசமாகத் தெரியும். ஜதி வேகமாகப் போகும்போது விரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அபிநயத்தில் கண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடுதான் மிஞ்சும். ஐந்து வருஷம், பத்து வருஷம் பயின்ற ஒரு பிள்ளையின் ஆட்டத்தைச் சொந்தங்கள் முதல் தடவை அப்படிப் பார்ப்பதில் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு யூடியூபின் உதவிப் பக்கமே ஓர் அளவு சொல்கிறது: 60 நிமிட 4K வீடியோ, விநாடிக்கு 30 சட்டகம் என்றால், 4 மணி நேரம் வரை போகலாம். 60 சட்டகம் என்றால் இன்னும் கூடும். அந்த விகிதத்தில் 35 நிமிடத்துக்கு இரண்டு மணி இருபது நிமிடம். மூன்றரையிலிருந்து எண்ணினால் ஆறு மணிக்குச் சற்று முன். ஏழரைக்குத் திறப்பதாகச் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான், அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் கையிருப்பாக விட்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் இருப்பது வாக்குறுதி அல்ல, வரிசை நீண்டால் நேரமும் நீளும். அதனால் மணிக்கூட்டை நம்பாமல் யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் விவரப் பக்கத்தைப் பார்க்கிறேன். முன்னோட்டத் திரைக்குக் கீழே Video quality என்ற இடத்தில் SD, HD, 4K என்று ஒவ்வொன்றாக வரும். அன்றைக்கு HD நாலு மணி தாண்டி வந்தது. 4K ஆறு மணியளவில்.

அதோடு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. 4K வந்த பிறகும் பெரியம்மா "இப்பவும் அப்படித்தான் இருக்கு" என்றார். அவர் வீடியோவை நிறுத்திவைத்துவிட்டு, பிறகு அதே இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். எந்தெந்த அளவு இருக்கிறது என்ற பட்டியலை பிளேயர் வீடியோவைத் திறக்கும்போது ஒரு தடவைதான் வாங்கிக்கொள்ளும். பின்னால் புதிதாக வந்த அளவு அதற்குத் தெரியாது. வீடியோவிலிருந்து வெளியே வந்து மறுபடி திறக்கச் சொன்னேன், படம் தெளிந்தது.

பார்ப்பவர் மங்கல் என்று சொன்னால் நான் கேட்பது ஒரு கேள்விதான்: பற்சக்கர அடையாளத்தை அழுத்தினால் தர வரிசையில் 2160p இருக்கிறதா? இருந்தும் மங்கலாக ஓடினால், அவருடைய இணைப்பைப் பார்த்து Auto குறைத்துக் கொடுக்கிறது. கையால் 2160p தெரிவு செய்யலாம். பட்டியலிலேயே இல்லை என்றால் ஒன்று இன்னும் தயாராகவில்லை, அல்லது பழைய பக்கம் திறந்திருக்கிறது. மூன்றாவது காரணம் VP9 தெரியாத பழைய ரீவி. அதில் எத்தனை நாள் காத்திருந்தாலும் 1080p-க்கு மேல் வராது. கணினியில் பார்ப்பவர் என்றால் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து Stats for nerds-ஐத் திறந்தால் ஓடும் அளவு நேரடியாகவே தெரியும். அன்றைக்கு நான் முதலில் பார்த்தபோது இப்படி இருந்தது:

```
Current / Optimal Res  640x360@25 / 640x360@25
```

ஆறு மணிக்குப் பிறகு அதே இடத்தில் `3840x2160@25` வந்தது. கீழே Codecs வரியில் `vp09` என்று தொடங்கினால் VP9 பிரதி ஓடுகிறது.

காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடாத வேலை ஒன்று இருக்கிறது. பதற்றத்தில் வீடியோவை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது. புதிதாக ஏற்றினால் எல்லாம் 360p-யிலிருந்து மறுபடி தொடங்கும், ஏற்கெனவே பகிர்ந்த லிங்கும் செத்துவிடும். ஒரு முழு நாள் போயும் 4K வரவில்லை என்றால் நான் முதலில் என் எக்ஸ்போர்ட்டைத் திறந்து அதன் அளவு 3840x2160 தானா என்று பார்ப்பேன். 1080p டைம்லைனில் வெட்டிய கோப்பு எத்தனை மணி நேரம் கிடந்தாலும் 4K ஆகாது.

இப்போது குடும்பங்களோடு பேசும்போது நேரத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். முன்கூட்டி யாரும் பார்க்கத் தேவையில்லை என்றால் Schedule-இல் போட்டுவிடுகிறேன். அதுவரை வீடியோ மறைவாக இருக்கும், செயலாக்கம் மட்டும் பின்னால் நடக்கும், குறித்த நேரத்தில் சந்தாதாரருக்கு அறிவிப்புப் போகும்போது 2160p தயாராக இருக்கும். தாய் தகப்பன் முதலில் பார்க்க வேண்டும் என்றால் Unlisted. ஆனால் லிங்கை 4K என்ற அடையாளம் வந்த பிறகுதான் கொடுக்கிறேன்.